திரும்பி வந்த செக்குக்கு நோட்டீஸ்: செக் பணம் ஒரு வரியில், பேங்க் பிடித்த பணம் இன்னொரு வரியில்

"ஐயா, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கிற ஒருவர் பாக்கிக்கு 1,36,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தார். ஆள் இருப்பது சென்னையில். கணக்கில் பணம் இல்லை என்று செக் திரும்பிவிட்டது. என் கணக்கில் பேங்க் 177 ரூபாய் பிடித்துவிட்டது. மார்ச் 9-ல் எஸ்.எம்.எஸ். வந்தது, 11-ல் மெமோ வாங்கினேன். அவரைப் பகைத்துக்கொள்ள விருப்பம் இல்லை. பணத்தையும் அந்த 177-ஐயும் கேட்டு நானே கடிதம் எழுதலாமா? எப்படி எழுதுவது?"

நீங்களே எழுதலாம், தம்பி. வக்கீல் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இன்ன படிவத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தமிழிலேயே எழுதலாம். ஆனால் உட்கார்ந்து எழுதுவதற்கு முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எவ்வளவு அன்பாக எழுதினாலும், "இந்தச் செக் திரும்பிவிட்டது, இதன் பணத்தைக் கொடுங்கள்" என்று எழுத்தில் கேட்டுவிட்டால் அதுவே சட்டப்படியான நோட்டீஸ் ஆகிவிடும். செலாவணி முறிச் சட்டம் என்று 1881-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. வக்கீல்கள் என்.ஐ. ஆக்ட் என்பார்கள். அதில் 138-ஆவது பிரிவு எதிர்பார்க்கிற கோரிக்கைக் கடிதம் இதுதான். கடிதத்தில் அந்தப் பிரிவின் எண்ணை எழுதாவிட்டாலும் நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

"முதலில் நட்பாக ஒரு லெட்டர் போடுவோம், கேட்கவில்லை என்றால் அப்புறம் வக்கீல் நோட்டீஸ் விடுவோம்" என்று நம் பக்கத்து வியாபாரிகள் பலரும் நினைக்கிறார்கள். அந்த முதல் கடிதத்தை ஏனோதானோ என்று எழுதிவிட்டு இரண்டாவதைச் சரியாக எழுதினால், எந்தக் கடிதத்திலிருந்து நாள் எண்ணுவது என்பதிலேயே வம்பு வரும். அதனால் ஒரே கடிதமாக எழுதுங்கள். குரல் மரியாதையாக இருக்கட்டும், விவரமும் தொகையும் கோர்ட்டில் காட்டினாலும் நிற்கிற மாதிரி இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம். கீழே மாதிரி கொடுத்திருக்கிறேன்.

முதலில் மெமோவை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். சின்னத் தாள்தான், அதில் காரணங்கள் வரிசையாக அச்சடித்து, உங்களுக்குரியதில் டிக் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் ஒரே காரணம் கம்ப்யூட்டரில் அடித்து வந்திருக்கும். "ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்" என்று இருந்தால் நேரடியாகக் கடிதத்துக்குப் போகலாம். கணக்கை மூடிவிட்டார், பணம் கொடுக்க வேண்டாம் என்று பேங்குக்குச் சொல்லிவிட்டார், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்பவற்றுக்கும் 138 பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் வெவ்வேறு வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆனால் ஸ்கேன் படம் தெளிவில்லை, எழுத்தில் ஒரு தொகை எண்ணில் ஒரு தொகை என்ற மாதிரி காரணமாக இருந்தால் நோட்டீஸ் விட வேண்டிய வேலையே இல்லை. ஒரு போன் போட்டு வேறு செக் வாங்கினால் முடிந்தது. உங்களுடையது பணம் இல்லாமல் திரும்பியது, அதனால் மேலே போவோம்.

அடுத்து நாள் கணக்கு. செக் திரும்பியது என்ற தகவல் பேங்கிலிருந்து உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். முன்பு 15 நாள்தான் இருந்தது, 2003-லிருந்து 30 ஆனது. மெமோ வாங்கிய 11-ஆம் தேதியிலிருந்து எண்ணலாமே என்று தோன்றும். எண்ணாதீர்கள். 9-ஆம் தேதியே எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது, அதுவும் பேங்க் கொடுத்த தகவல்தான் என்று எதிர்த்தரப்பு வாதாடும். முந்தைய தேதியை வைத்துக்கொண்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. 9-ஆம் தேதியை விட்டுவிட்டு 10-ஐ முதல் நாளாக எண்ணினால் மார்ச் 31 இருபத்திரண்டாவது நாள், ஏப்ரல் 8 முப்பதாவது நாள். அதுதான் கடைசி. இதை உங்கள் பட்டறை காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுங்கள். போனில் பேசியது இந்தக் கணக்கில் சேராது, எழுத்தில்தான் கேட்டிருக்க வேண்டும்.

சரி, இப்போது தொகைக்கு வருகிறேன். தவறு நடக்கிற இடம் இதுதான், நானும் இதில்தான் அடிபட்டேன்.

காரைக்குடியில் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் தொழில். பல வருஷத்துக்கு முன்னால் கல்யாணச் சீருக்குப் பலகாரம் செய்து கொடுக்கிற ஓர் ஆச்சிக்குக் கணக்குப் பார்த்தேன். தேன்குழலும் அதிரசமும் மனகோலமும் டின் டின்னாகப் போகும். ஒரு வீட்டார் 48,000 ரூபாய்க்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. ஆச்சி கடிதம் எழுதித் தரச் சொன்னார். பேங்க் பிடித்தது, டின் வாடகை பாக்கி, போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டி, "தாங்கள் எங்களுக்குத் தர வேண்டிய ரூ. 51,340-ஐ உடனே செலுத்தவும்" என்று ஒரே வரியில் எழுதினேன். பேரேட்டில் அவர்கள் பெயரில் இருந்த பற்றுப் பாக்கி அதுதான். கணக்குப் பிள்ளையின் கண்ணுக்கு அந்த எண் ரொம்பச் சரியாகத் தெரிந்தது. அவர்கள் பதிலே போடவில்லை. வக்கீலிடம் போனால் அவர் கடிதத்தைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இதில் செக் பணம் எங்கே இருக்கிறது? 48,000 என்ற எண்ணே இல்லையே" என்றார். அதற்குள் 30 நாளும் முடிந்துவிட்டது. ஆச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

காரணம் இதுதான். 138-ஆவது பிரிவு கேட்கச் சொல்வது "அந்தப் பணத்தை", அதாவது செக்கில் எழுதியிருக்கிற தொகையை. மொத்தப் பாக்கியை இல்லை. வட்டி, செலவு, பேங்க் கட்டணம் இவற்றையும் சேர்த்துக் கேட்கலாமா என்ற கேள்வி 2000-ஆம் வருஷமே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. செக் தொகை இவ்வளவு என்று தனியாகவும், மற்றவை இவ்வளவு என்று தனியாகவும் பிரித்துக் காட்டியிருந்தால் நோட்டீஸ் செல்லும், மற்ற கோரிக்கைகளால் அது கெட்டுவிடாது என்று தீர்ப்பு வந்தது. எல்லாவற்றையும் ஒரே மொத்தமாகப் போட்டு, செக் தொகை எது என்றே தெரியாமல் கேட்டால் அது செல்லாது என்பதும் பிறகு வந்த தீர்ப்புகளில் உறுதியானது. 2025 செப்டம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. செக் ஒரு கோடி, நோட்டீஸில் இரண்டு கோடி என்று விழுந்திருந்தது. டைப் அடித்ததில் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள். செக் எண் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் தொகை ஒத்துப்போகாததால் நோட்டீஸ் செல்லாது என்று முடிந்தது. ஓர் எண் தவறியதற்கு ஒரு கோடி ரூபாய் வழக்கு போய்விட்டது. அதனால் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் செக்கைப் பக்கத்தில் வைத்து எண்ணை எண்ணாகவும் எழுத்தை எழுத்தாகவும் ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள்.

அந்த 177 ரூபாயைக் கேட்பது நியாயமா என்றால், நியாயம்தான். அவர் செக்கில் பணம் இருந்திருந்தால் உங்களுக்கு அந்தச் செலவு வந்திருக்காது. ஒப்பந்தத்தை ஒருவர் மீறியதால் நேரடியாக வந்த நஷ்டத்தை அவரிடம் கேட்கலாம் என்பது ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பேங்க் பிடித்தது எவ்வளவோ அவ்வளவுதான் கேளுங்கள். சிலர் "செக் ரிட்டர்ன் சார்ஜ் 1,000" என்று கைக்கு வந்த எண்ணைப் போட்டுவிடுவார்கள். பில்லில் அப்படி ஒரு நிபந்தனை இல்லாமல் அதைக் கேட்டால், 1,36,000-த்தைப் பற்றிப் பேச வேண்டியவர் அந்த ஆயிரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

உங்கள் 177 எப்படி வந்தது என்று ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். எண்ணைப் பார்த்தால் கட்டணம் 150, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27 என்று தெரிகிறது. பேங்குக்குப் பேங்க் இது மாறும். நீங்கள் ஜிஎஸ்டியில் முழுப் பதிவில் இருந்து, அந்த 27 ரூபாய்க்கு உள்ளீட்டு வரி வரவு எடுப்பவராக இருந்தால் உங்கள் நஷ்டம் 150 மட்டும்தான், அதை மட்டும் கேளுங்கள். வரவு எடுக்காதவராக இருந்தால் 177-ம் உங்கள் கைக்காசு. கீழே உள்ள மாதிரியில் 177 என்றே வைத்திருக்கிறேன், உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அவரிடம் இதை வாங்கும்போது அதற்கு மேல் நீங்கள் ஒரு ஜிஎஸ்டி போட வேண்டியதும் இல்லை. செக் திரும்பியதற்கு வாங்குகிற தொகை எந்தச் சேவைக்குமான விலை இல்லை, அதற்கு வரி கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அவர் 1,36,000-ஐக் கொடுத்துவிட்டு 177-ஐக் கொடுக்காமல் விட்டால், 138-இன்படி அவர் மேல் வழக்கு இல்லை. அந்தப் பிரிவு செக் பணத்தோடு நின்றுவிடுகிறது. 177-க்கு சிவில் வழிதான், அதற்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. அடுத்த பில்லில் கேட்டு வாங்கலாம். அதனால் கடிதத்திலும் அந்தத் தொகைக்கு உரிய இடத்தை மட்டும் கொடுங்கள். அதை வைத்து மிரட்ட வேண்டாம்.

யாருக்கு எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். பில் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், செக்கில் கையெழுத்துக்கு மேலே அச்சடித்திருக்கிற பெயரைப் பாருங்கள். வீடு புதுப்பிக்கிறவர் பல நேரம் தன் கம்பெனிச் செக்கைக் கிழித்துக் கொடுப்பார். அப்படி இருந்தால் கடிதம் அந்தக் கம்பெனிக்கும், கையெழுத்துப் போட்டவர் என்ற முறையில் அவருக்கும் போக வேண்டும். உங்கள் செக் அவருடைய சொந்தக் கணக்கு என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முகவரி விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பில்லில் கானாடுகாத்தான் முகவரி இருக்கும். அந்த வீடோ வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். வாட்ச்மேனோ பக்கத்து வீட்டுக்காரரோதான் இருப்பார், தபால்காரர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதனால் சென்னை முகவரிக்கு ஒன்று, ஊர் முகவரிக்கு ஒன்று என்று இரண்டு உறை அனுப்புங்கள். சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலை அவர் வாங்க மறுத்தாலோ, கதவு பூட்டி என்று எழுதித் திரும்பி வந்தாலோ, சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். அப்படித் திரும்பி வந்த உறையை ஆர்வத்தில் பிரித்துவிடாதீர்கள். ஒட்டிய உறை ஒட்டியபடியே, தபால்காரர் எழுதிய குறிப்போடு, கோப்பில் இருக்க வேண்டும்.

இனி கடிதம். வெற்றிடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

> ஆத்தங்குடி
> 13-3-2026
>
> அனுப்புநர்: (உங்கள் பெயர், பட்டறையின் பெயர், முகவரி)
>
> பெறுநர்: (செக்கில் உள்ளபடி பெயர், சென்னை முகவரி)
> இரண்டாம் படி: (கானாடுகாத்தான் வீட்டு முகவரி)
>
> பொருள்: ரூ. 1,36,000-க்கான செக் திரும்பியது, பதில் தொகை கோருதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> தங்கள் கானாடுகாத்தான் வீட்டின் வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் எங்கள் பட்டறையில் செய்த டைல்ஸை 14-2-2026 நாளிட்ட பில் எண் 41-இன்படி இறக்கிக் கொடுத்தோம். பில் தொகை ரூ. 2,36,000. தாங்கள் கொடுத்த முன்பணம் ரூ. 1,00,000 போகப் பாக்கி ரூ. 1,36,000.
>
> இந்தப் பாக்கிக்காகத் தாங்கள் ______ வங்கி, ______ கிளையின் மீது 5-3-2026 நாளிட்ட ______ எண்ணுள்ள செக்கை ரூ. 1,36,000-க்கு (ரூபாய் ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம் மட்டும்) கொடுத்தீர்கள். அதை எங்கள் ______ வங்கி, காரைக்குடிக் கிளைக் கணக்கில் போட்டோம். தங்கள் கணக்கில் போதிய பணம் இல்லை என்ற காரணத்தால் செக் திரும்பியதாக 9-3-2026 அன்று எங்களுக்குத் தகவல் வந்தது. வங்கி கொடுத்த மெமோவின் நகலை இணைத்துள்ளோம்.
>
> தங்கள் கவனத்துக்கு வராமல் இது நடந்திருக்கலாம். மேற்படி செக்கின் தொகையான ரூ. 1,36,000-ஐ இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் செலுத்துமாறு கோருகிறோம். தொகையை எங்கள் பில்லில் அச்சிட்டுள்ள அதே வங்கிக் கணக்குக்கு நெஃப்ட் மூலமாகவோ, டிமாண்ட் டிராஃப்ட்டாகவோ அனுப்பலாம். 15 நாட்களுக்குள் வந்து சேராவிட்டால் செலாவணி முறிச் சட்டம், 1881, பிரிவு 138-இன்படி மேல் நடவடிக்கை எடுக்க வேண்டிவரும் என்பதையும் தெரிவிக்கிறோம்.
>
> இது தவிர, இந்தச் செக் திரும்பியதற்காக எங்கள் வங்கி எங்கள் கணக்கில் ரூ. 177 பிடித்துள்ளது. கணக்கு விவரத்தின் நகலை இணைத்துள்ளோம். மேலே சொன்ன செக் தொகையோடு சேராத இந்தத் தனிச் செலவையும் தங்களிடமிருந்து எதிர்பார்க்கிறோம்.
>
> செக் தொகை வந்ததும் ரசீது அனுப்பி, திரும்பி வந்த செக்கையும் தங்களிடம் சேர்த்துவிடுவோம்.
>
> தங்கள் அன்புள்ள,
> (கையெழுத்து)
>
> இணைப்பு: செக் நகல், வங்கி மெமோ நகல், கணக்கு விவர நகல்

இதில் எங்கேயும் 1,36,177 என்ற எண் வரவில்லை, பாருங்கள். வேண்டுமென்றேதான் கூட்டாமல் விட்டேன். உங்களுக்கும் கடைசியில் ஒரு மொத்தம் போட்டுவிடலாமே என்று கை துறுதுறுக்கும். போடாதீர்கள். ஏமாற்று, மோசடி என்ற சொற்களும் இல்லை. அவை நோட்டீஸுக்குத் தேவையும் இல்லை. போலீஸில் சொல்வேன் என்றும் எழுத வேண்டாம், 138 வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நீங்கள் நேரடியாகக் கொடுக்கிற புகார்தான், போலீஸ் வழியாகப் போவதில்லை. "மூன்று நாளில் கொடு" என்பதும் வீண், சட்டம் அவருக்கு 15 நாள் கொடுத்திருக்கிறது.

இணைப்பில் அசலை வைத்துவிடாதீர்கள். செக்கின் அசலும் மெமோவின் அசலும் உங்களிடமே இருக்க வேண்டும். கடிதத்தை மூன்று படி எடுத்து மூன்றிலும் கையெழுத்துப் போட்டு, ஒன்றைக் கோப்பில் வையுங்கள். பழைய பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் தபால் ஆபீஸில் "ஸ்பீட் போஸ்ட், ரெஜிஸ்ட்ரேஷனும் சேர்த்து" என்று கேளுங்கள். ரசீதில் பெறுநர் பெயரும் பின்கோடும் சரியாக விழுந்திருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள். நான்கைந்து நாள் கழித்து இணையத்தில் அந்த எண்ணைப் போட்டு, எந்தத் தேதியில் பட்டுவாடா ஆனது என்ற பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் கடிதத்தின் போட்டோ அனுப்பலாம், தப்பில்லை. ஆனால் தபாலுக்குப் பதிலாக அதை மட்டும் அனுப்பி நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

கடிதம் 13-ஆம் தேதி போய், 16-ஆம் தேதி திங்கட்கிழமை சென்னையில் அவர் கையில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 17-லிருந்து எண்ணினால் 15-ஆவது நாள் மார்ச் 31. அதற்குள் பணம் வந்துவிட்டால் விவகாரம் அங்கேயே முடிந்தது, குற்றம் என்று ஒன்று உண்டாகவே இல்லை. வராவிட்டால் ஏப்ரல் 1 முதல் ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 30-ஐக் கடைசி நாளாக வைத்துக்கொண்டு, ஏப்ரல் முதல் வாரமே வக்கீலைப் பாருங்கள். அவர் சென்னையில் இருக்கிறார், வழக்குக்குச் சென்னைக்கு அலைய வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். செக்கை நீங்கள் போட்ட உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டில்தான் வழக்கு என்று 2015-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உங்களுக்கு அது காரைக்குடி. தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இதைக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை, அவருடைய வக்கீல் சொல்லிக்கொள்வார்.

பெரும்பாலும் வழக்கு வரை போகாது. கடிதம் கிடைத்த அன்றே போன் வரும். "என்னப்பா, எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா, நோட்டீஸ் எல்லாம் எதுக்கு?" என்பார். "அண்ணே, பேங்க்ல மெமோ குடுத்தா எழுத்துல தெரிவிக்கணும்னு கணக்குப் பாக்கறவர் சொன்னாரு, வேற ஒண்ணும் இல்ல" என்று என் தலையில் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் அவர் இரண்டில் ஒன்றைச் சொல்வார். அந்த இரண்டிலும் கவனம் வேண்டும்.

ஒன்று, "வேற செக் தர்றேன், பழசைக் குடுத்துடு" என்பது. புதுச் செக்கை வாங்கலாம். பழசைக் கொடுக்காதீர்கள், புதியது பணமாகி உங்கள் கணக்கில் நின்ற பிறகுதான் கொடுக்க வேண்டும். புதுச் செக்கை ஒரு மாதம் தள்ளித் தேதி போட்டுக் கொடுத்தால், அதற்குள் பழைய செக்குக்கான கெடு ஓடிவிடும். பதிலுக்கு வாங்கிய செக்கும் திரும்பினால் அதற்கென்று தனி நோட்டீஸ், தனி வழக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரே கடனுக்கு இரண்டு செக்கிலும் வழக்கை ஓட்ட முடியாது. இந்தத் தொல்லைக்காகத்தான் கடிதத்திலேயே நெஃப்ட், டிராஃப்ட் என்று மட்டும் எழுதினேன். முடிந்தவரை அதையே வற்புறுத்துங்கள். 1,36,000-ஐ யுபிஐயில் அனுப்ப ஒரு நாள் வரம்பு இடிக்கலாம், நெஃப்ட்டில் அந்தத் தொந்தரவு இல்லை.

இன்னொன்று, "இப்ப ஐம்பதாயிரம் அனுப்புறேன், மிச்சம் அடுத்த மாசம்" என்பது. வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் எப்போது வருகிறது என்பது முக்கியம். நீங்கள் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னாலேயே ஐம்பதாயிரம் வந்துவிட்டது என்றால், செக்கில் இருக்கிற 1,36,000 இப்போது அவர் தர வேண்டிய கடன் இல்லை, கடன் 86,000தான். அந்த நிலையில் பழைய செக்கை வைத்து 1,36,000 கேட்டு விடுகிற நோட்டீஸ் நிற்காது. பகுதி பணம் வந்தால் அதைச் செக்கின் மேலேயே குறித்து, பாக்கித் தொகைக்குத்தான் அதைப் பேங்கில் போட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நடைமுறையில் 86,000-க்குப் புதுச் செக் வாங்கிக்கொள்வதே சுலபம். நோட்டீஸ் போன பிறகு பகுதி வந்தால் "செக் எண் இன்னதன் தொகையில் பகுதி வரவு" என்று எழுதி ரசீது கொடுத்து, நகலைக் கோப்பில் வையுங்கள். மிச்சத்துக்கு அவர் கேட்கிற கெடு ஏப்ரல் 30-ஐத் தாண்டுகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் "சரி" என்று சொல்லுங்கள்.

ஆச்சியின் செக் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் அது செல்லும். 30 நாள் போயிருந்தாலும் அந்த மூன்று மாதம் முடிய இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அதே செக்கை மறுபடி பேங்கில் போடச் சொன்னார் வக்கீல். இரண்டாவது தடவையும் திரும்பியது, புது மெமோ, புது 30 நாள். இப்படிச் செய்வது செல்லும் என்று 2012-2013 வாக்கில் சென்னையிலிருந்து போன ஒரு தோல் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த முறை 48,000-ஐத் தனி வரியில் எழுதினோம். பேங்க் இரண்டு தடவை பிடித்த பணத்தைத் தனி வரியில் எழுதினோம். பன்னிரண்டாவது நாள் 48,000 வந்தது. பேங்க் கட்டணம் வரவில்லை, அதை அப்படியே செலவு எழுதிவிட்டோம். உங்கள் செக் மார்ச் 5 தேதியிட்டது என்றால் ஜூன் தொடக்கம் வரை இந்தக் கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவை போடும்போதும் இன்னொரு 177 போகும், அதனால் முதல் கடிதத்திலேயே முடிக்கப் பாருங்கள்.

கணக்கில் இரண்டு குறிப்புதான். செக் போட்ட அன்று அவர் பெயரில் 1,36,000 வரவு வைத்திருப்பீர்கள். 9-ஆம் தேதியில் அதையே அவர் பெயரில் பற்று எழுதி பேங்கில் குறைத்துவிடுங்கள், "செக் திரும்பியது" என்று செக் எண்ணோடு. அதற்கு அடுத்த வரியில் 177-ஐ அவர் பற்றில் தனியாக எழுதுங்கள். பேரேட்டிலும் இரண்டும் தனித்தனியாகவே இருந்தால் நாளைக்கு வக்கீல் கணக்கு கேட்கும்போது அந்தப் பக்கத்தை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிடலாம்.